60 லட்சமா, 7.2 லட்சமா? கடல்வழியில் சேதமடையும் சரக்குக்கான இழப்பீட்டைத் தீர்மானிக்கும் ஒற்றை வரி

புது தில்லி: நூறு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த 1925-ஆம் ஆண்டின் இந்தியக் கடல்வழி சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட புதிய சட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. ஆங்கிலேயர் காலச் சட்டங்களைக் களைந்து, எளிய மொழியில் புதிய சட்டங்களை இயற்றும் முயற்சியின் ஒரு பகுதி இது என்று மத்திய அரசு விளக்கமளித்தது. ஆயினும், கப்பலில் அனுப்பிய சரக்கு சேதமடைந்தால் கப்பல் நிறுவனம் அதிகபட்சம் எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்விக்கான விடை, பழைய சட்டத்தில் இருந்தவாறே புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

அந்த விடை இரண்டே எண்களில் அடங்கியுள்ளது. ஒரு பொதிக்கு அல்லது அலகுக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது சேதமடைந்த சரக்கின் மொத்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர். இவ்விரண்டில் எது அதிகமோ அதுவே கப்பல் நிறுவனத்தின் பொறுப்பின் உச்ச வரம்பு. சரக்கின் உண்மையான மதிப்பு அதைவிட எத்தனை மடங்கு கூடுதலாக இருந்தாலும், வரம்புக்கு மேற்பட்ட தொகையைக் கப்பல் நிறுவனத்திடம் கோர முடியாது.

எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கீட்டு அலகு. டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு ஆகிய ஐந்து நாணயங்களின் கூட்டு மதிப்பைக் கொண்டு அதன் மதிப்பு நாள்தோறும் கணக்கிடப்படுகிறது. கணக்கு எளிதாக இருக்க, இக்கட்டுரையில் ஓர் எஸ்.டி.ஆரின் மதிப்பு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்படி ஒரு பொதிக்கான வரம்பு ஏறத்தாழ 80,000 ரூபாய். கிலோவுக்கான வரம்பு 240 ரூபாய்.

எண்கள் தெளிவானவை. ஆனால் 'பொதி' என்று சட்டம் குறிப்பிடுவது எதை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கன்டெய்னர் முழுவதும் ஒரு பொதியா, அதற்குள் அடுக்கப்பட்டுள்ள ஒவ்வோர் அட்டைப்பெட்டியும் ஒரு பொதியா? இக்கேள்விக்கான விடை, 'பில் ஆஃப் லேடிங்' எனப்படும் சரக்கேற்றப் பத்திரத்தில் எழுதப்படும் ஒற்றை வரியைப் பொறுத்து மாறுகிறது. பல லட்சம் ரூபாய் கைக்கு வருவதும் வராமல் போவதும் அந்த வரியில் இருக்கிறது.

ஒரு கன்டெய்னரின் கணக்கு

இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் வாயிலாகக் காணலாம். திருப்பூரில் உள்ள பின்னலாடை நிறுவனம் ஒன்று, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக இங்கிலாந்தின் ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு 40 அடி கன்டெய்னர் ஒன்றை அனுப்புகிறது. உள்ளே 600 அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் எடை 15 கிலோ; மதிப்பு 30,000 ரூபாய். தொழிற்சாலையிலேயே ஆடைகள் ஏற்றப்பட்டு, கன்டெய்னர் முத்திரையிடப்படுகிறது.

பயணத்தின்போது எங்கோ ஓரிடத்தில் கன்டெய்னரின் கூரைத் தகடு கிழிந்து, கடல்நீர் உள்ளே புகுந்துவிடுகிறது. இங்கிலாந்தில் திறந்து பார்க்கும்போது 200 பெட்டிகள் நனைந்து, ஆடைகளில் பூஞ்சை படிந்துள்ளது. அவற்றை விற்க வழியில்லை. இழப்பு 60 லட்சம் ரூபாய்.

முதல் சூழலில், பில் ஆஃப் லேடிங்கில் '40 அடி கன்டெய்னர் ஒன்று, உள்ளே 600 அட்டைப்பெட்டிகள் பின்னலாடை' என்று எழுதப்பட்டுள்ளது என்று கொள்வோம். அப்போது சட்டத்தின் பார்வையில் 600 பொதிகள் உள்ளன. நனைந்த 200 பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் வரம்பு 80,000 ரூபாய். பெட்டியின் மதிப்போ 30,000 ரூபாய்தான். மதிப்பு வரம்புக்குள் அடங்குவதால், கப்பல் நிறுவனம் பொறுப்பாளி என்று முடிவானால் 60 லட்சம் ரூபாயையும் அது தந்தாக வேண்டும்.

இரண்டாம் சூழலில், அதே பத்திரத்தில் '40 அடி கன்டெய்னர் ஒன்று, உள்ளே பின்னலாடை' என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது. இப்போது கன்டெய்னர் முழுவதும் ஒரே பொதி. பொதிக் கணக்கில் கிடைக்கக்கூடியது 80,000 ரூபாய் மட்டுமே. எடைக் கணக்கில், நனைந்த 200 பெட்டிகளின் எடை 3,000 கிலோ; அதற்கு 6,000 எஸ்.டி.ஆர்., அதாவது 7.2 லட்சம் ரூபாய். இரண்டில் அதிகமானது என்பதால் வரம்பு 7.2 லட்சமாகிறது. மீதமுள்ள 52.8 லட்சம் ரூபாயைக் கப்பல் நிறுவனத்திடம் கேட்க உரிமையில்லை.

சரக்கும் சேதமும் கப்பலும் ஒன்றே. மாறியது '600 அட்டைப்பெட்டிகள்' என்ற இரு சொற்கள் மட்டுமே.

கன்டெய்னர், பலகைத் தட்டு போன்றவற்றில் சரக்குகளை ஒருங்கே அடுக்கி அனுப்பும்போது, அவற்றுள் அடுக்கப்பட்டவாறு பில் ஆஃப் லேடிங்கில் எத்தனை பொதிகள் எண்ணிக்கையிட்டுக் குறிப்பிடப்பட்டுள்ளனவோ, அத்தனை பொதிகளாகவே அவை கருதப்படும் என்கிறது சட்டம். 1993-இல் பன்முகப் போக்குவரத்துச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி இது.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். ஏற்றுமதியாளரே ஏற்றி முத்திரையிட்ட கன்டெய்னரைக் கப்பல் நிறுவனம் திறந்து எண்ணுவதில்லை. எனவே 'உள்ளே இருப்பதாக அனுப்புநர் கூறுகிறார்' என்ற சொற்றொடரைப் பத்திரத்தில் அது சேர்த்துவிடுகிறது. இச்சொற்றொடரால் பெட்டிகளின் எண்ணிக்கைக்குக் கப்பல் நிறுவனம் உறுதியளித்ததாக ஆகாது; 600 பெட்டிகள் ஏற்றப்பட்டன என்பதை ஏற்றுமதியாளரே வேறு ஆவணங்களைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் வரம்பைக் கணக்கிடுவதற்கு, எழுதப்பட்ட எண்ணிக்கை இச்சொற்றொடரால் மட்டும் செல்லாததாகிவிடாது.

சுவரொட்டியும் சூரை மீனும்

எண்ணிக்கையைக் குறிப்பிட்டால் மட்டும் போதுமா, சரக்கு எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதும் அதில் தெரிய வேண்டுமா என்ற கேள்வியில் வெளிநாட்டு நீதிமன்றங்கள் மாறுபட்ட நிலைப்பாடுகளை எடுத்துள்ளன. இந்திய விதியும் ஏறத்தாழ அதே சொற்களில் அமைந்திருப்பதால், இத்தீர்ப்புகள் இங்குள்ளோரும் அறிய வேண்டியவை.

ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்த எல் கிரேக்கோ வழக்கில், ஒரு கன்டெய்னரில் 2,00,945 சுவரொட்டிகளும் அச்சுப்படங்களும் உள்ளதாகப் பில் ஆஃப் லேடிங்கில் குறிப்பிடப்பட்டிருந்தது. ஒவ்வொரு சுவரொட்டியும் ஓர் அலகு எனில் வரம்பு என்பதே பொருளற்றதாகிவிடும். ஆனால் அவை தனித்தனித் தாள்களாக அன்றி, கட்டுகளாகவே கன்டெய்னருக்குள் வைக்கப்பட்டிருந்தன. அக்கட்டுகள் எத்தனை என்பது பத்திரத்தில் இல்லை. எனவே 'அடுக்கப்பட்டவாறு' எண்ணிக்கை குறிப்பிடப்படவில்லை என்று கூறிய பெரும்பான்மை நீதிபதிகள், கன்டெய்னரையே ஒரு பொதியாகக் கருதினர்.

இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் வேறு கோணத்தில் அணுகியது. ஸ்பெயினிலிருந்து ஜப்பானுக்கு உறைநிலையில் அனுப்பப்பட்ட சூரை மீன் துண்டுகள் தொடர்பான வழக்கு அது. பெரிய மீன் துண்டுகள் உறையிடப்படாமல் அப்படியே கன்டெய்னரில் அடுக்கப்பட்டிருந்தன. துண்டுகளின் எண்ணிக்கை ஆவணத்தில் இருந்தது. எவ்வாறு அடுக்கப்பட்டது என்ற விவரிப்பு தேவையில்லை, எண்ணிக்கை இருந்தாலே போதும் என்ற நீதிமன்றம், ஒவ்வொரு துண்டையும் தனி அலகாக ஏற்றுக்கொண்டது.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏற்றுமதியாளர் செய்ய வேண்டியது தெளிவாகிறது. 48,000 டி-சட்டைகள் என்று மட்டும் எழுதுவது ஆபத்தானது. ஆடைகள் எத்தனை அட்டைப்பெட்டிகளில் கன்டெய்னருக்குள் வைக்கப்பட்டுள்ளனவோ அந்த எண்ணிக்கையை எழுதுவதே எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடியது.

வரம்பு யாரைப் பாதிக்கும்?

எல்லாச் சரக்குகளுக்கும் இந்த வரம்பு தடையாக அமைவதில்லை. 50 கிலோ அரிசி மூட்டை ஒன்று சேதமடைந்தால் அதற்கான பொதி வரம்பு 80,000 ரூபாய்; மூட்டையின் விலை அதில் ஒரு சிறு பகுதிகூட இல்லை. மொத்தமாகக் கொட்டி அனுப்பப்படும் கோதுமை, நிலக்கரி போன்றவற்றின் விலையும் கிலோவுக்கு 240 ரூபாயைத் தொடுவதில்லை. இத்தகைய சரக்குகளில் வரம்பு பெயரளவில்தான் இருக்கிறது.

கிலோவுக்கு 240 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள்களை, பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் கன்டெய்னரில் அனுப்புவோரையே வரம்பு தாக்குகிறது. ஆடை, மருந்து, ஏலக்காய், தோல் பொருள்கள் ஆகியவை இவ்வகையில் அடங்கும். நமது எடுத்துக்காட்டில் உள்ள ஆடையின் மதிப்பு கிலோவுக்கு 2,000 ரூபாய்.

எண்ணிக்கையைச் சரியாக எழுதினாலும் காப்பாற்ற இயலாத ஒரு வகையும் உண்டு. 20 லட்சம் ரூபாய் மதிப்புள்ள 200 கிலோ எடைகொண்ட ஆய்வுக்கூடக் கருவி ஒன்று மரப்பெட்டியில் வைத்து அனுப்பப்படுகிறது எனில், அது ஒரே பொதிதான். எடைக் கணக்கில் 400 எஸ்.டி.ஆர்.; பொதிக் கணக்கில் 666.67. ஆக, 20 லட்சம் ரூபாய்க் கருவிக்குக் கிடைக்கக்கூடியது 80,000 ரூபாய்.

இத்தகையோருக்குச் சட்டம் ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளது. சரக்கின் தன்மையையும் மதிப்பையும் ஏற்றுவதற்கு முன்பே அறிவித்து, அதனைப் பில் ஆஃப் லேடிங்கிலும் சேர்த்துவிட்டால் வரம்பு பொருந்தாது. விலைப்பட்டியலிலோ, சுங்கத் துறைக்கு அளிக்கும் ஆவணத்திலோ மதிப்பு இடம்பெற்றிருப்பது இதற்குப் போதாது. மதிப்பை அறிவித்தால் கப்பல் நிறுவனம் அதற்கேற்பக் கூடுதல் கட்டணம் கேட்கும். அக்கட்டணத்தைவிடக் காப்பீட்டுக்கான தொகை குறைவாக இருப்பதால், நடைமுறையில் இவ்வழியை நாடுவோர் அரிது. மதிப்பைத் தெரிந்தே தவறாகக் குறிப்பிட்டால் கப்பல் நிறுவனம் பொறுப்பிலிருந்தே விடுபட்டுவிடும் என்பதும் கவனத்துக்குரியது.

கப்பல் நிறுவனம் வேண்டுமென்றே சேதம் விளைவித்தது, அல்லது சேதம் நேரக்கூடும் என்று அறிந்தே பொறுப்பற்று நடந்துகொண்டது என்று மெய்ப்பித்தாலும் வரம்பு உடையும். ஆனால் வெறும் கவனக்குறைவு இதற்குப் போதாது. நிறுவனத்தின் அறிவையே மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால், இவ்வாதம் வெல்வது கடினம்.

முதலில் பொறுப்பு, பிறகே வரம்பு

வரம்பு குறித்த விவாதம் எழுவதற்கு முன், சேதத்துக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பா என்பது முடிவாக வேண்டும். பயணம் தொடங்குவதற்கு முன்பும் தொடங்கும்போதும் கப்பலைக் கடற்பயணத்துக்குத் தகுதியானதாக வைத்திருக்க உரிய அக்கறை காட்டுவது, சரக்கை முறையாகவும் கவனமாகவும் ஏற்றி, பாதுகாத்து, இறக்குவது ஆகியவை அதன் கடமைகள். மறுபுறம், மாலுமிகள் கப்பலைச் செலுத்துவதில் செய்யும் பிழை, கடலின் இடர்கள், சரக்கின் உள்ளார்ந்த குறைபாடு, போதிய அளவில் பொதியப்படாமை போன்ற காரணங்களைக் காட்டி அது விலக்குக் கோரலாம்.

எந்தக் காரணத்தை யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பதில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் வால்கஃபே வழக்கில் அளித்த தீர்ப்பு முக்கியமானது. கொலம்பியாவிலிருந்து ஜெர்மனிக்கு 20 கன்டெய்னர்களில் காபிக் கொட்டை மூட்டைகள் அனுப்பப்பட்டன. வெப்பப் பகுதியிலிருந்து குளிர்ப் பகுதிக்குச் செல்லும்போது கொட்டையிலிருந்து வெளியேறும் ஈரம் கன்டெய்னரின் கூரையில் நீர்த்துளிகளாகத் திரண்டு மூட்டைகள் மீது சொட்டும். அதனைத் தடுக்க உட்புறத்தில் காகிதம் விரிக்கப்பட்டிருந்தது. இருந்தும் 18 கன்டெய்னர்களில் சேதம் நேர்ந்தது. ஈரத்தை வெளியிடுவது காபியின் இயல்பு, எனவே அது சரக்கின் உள்ளார்ந்த குறைபாடு என்று கப்பல் நிறுவனம் வாதிட்டது.

நல்ல நிலையில் பெற்ற சரக்கைச் சேதமடைந்த நிலையில் ஒப்படைத்தால், தான் உரிய கவனம் செலுத்தியதை மெய்ப்பிக்கும் சுமை கப்பல் நிறுவனத்தையே சாரும் என்று நீதிமன்றம் கூறியது. உள்ளார்ந்த குறைபாடு என்ற விலக்கைக் கோரினாலும், கவனமாகச் செயல்பட்டும் சேதத்தைத் தவிர்த்திருக்க முடியாது என்பதை அந்நிறுவனமே காட்ட வேண்டும். விரிக்கப்பட்ட காகிதத்தின் தடிமன் போதுமானது என்பதை அந்நிறுவனத்தால் நிறுவ முடியவில்லை. இந்திய நீதிமன்றங்களை இத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது எனினும், ஒரே மூலத்திலிருந்து பிறந்த விதிகள் என்பதால் வாதங்களில் எடுத்தாளத் தக்கது.

நமது எடுத்துக்காட்டுக்குத் திரும்பினால், ஆடைகளை நனைத்தது எந்த நீர் என்பதே முதல் கேள்வி. ஆய்வாளர்கள் நனைந்த அட்டையின் மீது வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுவார்கள். பால்போல வெண்மை படர்ந்தால் உப்பு இருக்கிறது, கடல்நீர் புகுந்திருக்கலாம் என்று பொருள். வெண்மை தோன்றாவிட்டால் மழைநீரோ, உள்ளேயே திரண்ட ஈரமோ காரணமாகலாம். அடுத்து, காலியான கன்டெய்னருக்குள் ஒருவர் நின்றுகொள்ள, கதவுகள் மூடப்படும். கூரையிலோ சுவரிலோ துளை இருந்தால் வெளிச்சம் ஊசிபோல உள்ளே விழும். நனைந்த பெட்டிகள் இருந்த இடமும் துளை இருக்கும் இடமும் பொருந்தினால், சான்று வலுப்பெறுகிறது.

அந்தத் துளை எப்போது ஏற்பட்டது என்பது அடுத்த கேள்வி. கன்டெய்னர் துறைமுக வாயிலில் ஒப்படைக்கப்படும்போது அதன் வெளிப்புற நிலையைக் குறித்து வழங்கப்படும் சீட்டு இங்கு துணை நிற்கும். அதில் எந்தக் குறையும் பதிவாகவில்லை, பில் ஆஃப் லேடிங்கிலும் குறை எழுதப்படவில்லை எனில், துளை அதன்பிறகே ஏற்பட்டது என்று வாதிட இயலும். இல்லாவிடில், பழுதான கன்டெய்னரில் ஏற்றியது அனுப்புநரின் தவறு என்பதே கப்பல் நிறுவனத்தின் முதல் பதிலாக இருக்கும். ஏற்றும் முன் காலிக் கன்டெய்னரை மூடி வெளிச்சம் பார்ப்பதும் புகைப்படம் எடுப்பதும் இதனால்தான் அவசியமாகின்றன.

மூன்று நாள், ஓராண்டு

சேதம் வெளிப்படையாகத் தெரிந்தால் சரக்கைப் பெறும்போதே கப்பல் நிறுவனத்துக்கு எழுத்துவழி அறிவிப்புத் தர வேண்டும். வெளியே தெரியாத சேதமெனில் மூன்று நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். தவறினால் உரிமை பறிபோவதில்லை. ஆனால் சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே முதற்கண் கருதப்படும். அதனை முறியடிக்கும் சுமை கோருபவர் தலையில் விழும்.

ஓராண்டுக் காலவரம்பு இதைவிடக் கடுமையானது. சரக்கு ஒப்படைக்கப்பட்ட, அல்லது ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்கப்பட வேண்டும். கடிதப் போக்குவரத்து எத்தனை மாதங்கள் நீடித்தாலும் காலம் நின்றுவிடாது. காலக்கெடு கடந்தால் வழக்குத் தொடுக்கும் வழி மட்டும் அடைபடுவதில்லை, கப்பல் நிறுவனத்தின் பொறுப்பே முற்றிலும் அற்றுப்போகிறது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1960-இல் ஈஸ்ட் அண்ட் வெஸ்ட் ஸ்டீம்ஷிப் நிறுவனத்தின் வழக்கில் தெளிவுபடுத்தியது. சேதம் நேர்ந்த பிறகு இரு தரப்பும் இசைந்தால் கெடுவை நீட்டிக்கலாம். நீதிமன்றம் அனுமதித்தால் அதிகபட்சம் மூன்று மாதங்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். அது உரிமையன்று, நீதிமன்றத்தின் விருப்புரிமை.

வழக்கை யார் தொடுப்பது என்பதும் எளிதான கேள்வியன்று. கப்பலில் ஏற்றுவது வரையிலான பொறுப்பை மட்டும் ஏற்கும் விலை முறையில் விற்றிருந்தால், ஏறிய கணத்திலேயே இடர் வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. உரிமை அவருடையது. ஆனால் நனைந்த சரக்குக்கு அவர் பணம் தர மறுக்கும்போது, சுமை சுற்றிவந்து ஏற்றுமதியாளரின் மீதே விழுகிறது. காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பை ஈடுசெய்துவிட்டு, கப்பல் நிறுவனத்திடம் தானே வசூலிக்க முற்படும். அப்போது வரம்பினால் ஏற்படும் குறைவு காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தது. காப்பீடு செய்யாத சிறு வணிகருக்கோ அது நேரடி இழப்பு.

இறக்குமதியாளருக்கு இச்சட்டம் இல்லை

இந்தியச் சட்டம் பொருந்துவது, இந்தியத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சரக்குகளுக்கு மட்டுமே. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் சரக்கு சேதமடைந்தால் இச்சட்டம் தானாகத் துணைக்கு வராது. ஆப்பிரிக்காவிலிருந்து கொச்சிக்கு வந்த முந்திரிக்கொட்டை மூட்டைகள் குறைந்தது தொடர்பான வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. பில் ஆஃப் லேடிங்கில் ஆங்கிலேய நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று எழுதப்பட்டிருந்ததும் அவ்வழக்கில் இறக்குமதியாளருக்கு எதிராக அமைந்தது.

எனவே இறக்குமதியாளருக்குப் பொருந்தும் வரம்பை, பத்திரத்தின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட விதிகளும் சரக்கு புறப்பட்ட நாட்டின் சட்டமுமே தீர்மானிக்கின்றன. அமெரிக்காவுடனான வணிகத்தில் இது இரு திசையிலும் பொருந்தும். அந்நாட்டின் 1936-ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் சரக்குகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அங்கு வரம்பு ஒரு பொதிக்கு 500 டாலர். எடைக் கணக்கு என்ற மாற்று வழி கிடையாது. எண்ணிக்கை குறிப்பிடப்படாத கன்டெய்னர் ஒரே பொதியாகக் கருதப்பட்டால், 500 டாலரே முடிவான தொகையாகிவிடக் கூடும்.

கப்பலே மூழ்கும்போது நிலைமை மேலும் சிக்கலாகிறது. 2025 மே 25-இல் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 600-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களுடன் மூழ்கியபோது இது கவனத்துக்கு வந்தது. ஒரே விபத்திலிருந்து எழும் பல்வேறு கோரிக்கைகளுக்கும் சேர்த்து, கப்பலின் கொள்ளளவின் அடிப்படையில் ஒரு மொத்த வரம்பைக் கோரும் உரிமை கப்பல் உரிமையாளருக்கு வேறு சட்டத்தின்கீழ் உண்டு. அவ்வாறு வரம்பு அனுமதிக்கப்பட்டால், பொதிக் கணக்கில் கிடைத்த தொகையும் அந்த மொத்த நிதியிலிருந்து பங்கிட்டே கிடைக்கும்.

மாறாத எண், மாற்றும் அதிகாரம்

666.67 என்ற எண் 1979-இல் சர்வதேச உடன்படிக்கை ஒன்றில் நிர்ணயிக்கப்பட்டது. 1993-இல் இந்தியா அதனை ஏற்றது. எஸ்.டி.ஆரின் மதிப்பு நாணயச் சந்தையுடன் மாறினாலும், பொருள்களின் விலையேற்றத்துக்கு ஏற்ப இந்த எண் உயர்வதில்லை. 1978-இல் உருவான ஹாம்பர்க் விதிகள் பொதிக்கு 835, கிலோவுக்கு 2.5 எஸ்.டி.ஆர். என்று நிர்ணயித்தன. 2008-இன் ரோட்டர்டாம் விதிகள் 875, 3 என்று உயர்த்தின. முதலாவதில் இந்தியா இணையவில்லை. இரண்டாவது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை.

புதிய சட்டம் இந்த எண்களைத் தொடவில்லை. ஆனால் விதிகள் அடங்கிய அட்டவணையை அறிவிக்கை வாயிலாகத் திருத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியுள்ளது. இதற்கு இரு பக்கங்கள் உண்டு. வரம்பை உயர்த்த இனி புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே வேளையில், கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு, விலக்குகள், காலக்கெடு ஆகிய அனைத்தும் அந்த அட்டவணையில்தான் உள்ளன. சட்டத்தின் உயிர்நாடியான பகுதியையே நாடாளுமன்ற விவாதமின்றி மாற்ற இயலும் எனில், அது அளவுக்கு மீறிய அதிகார ஒப்படைப்பு ஆகாதா என்ற கேள்வி எழுந்துள்ளது.

அந்த அதிகாரம் எவ்வாறு பயன்படுத்தப்படும் என்பது இனிதான் தெரியவரும். அதுவரை ஏற்றுமதியாளரின் கையில் இருப்பது, பில் ஆஃப் லேடிங்கின் வரைவு சரிபார்ப்புக்கு வரும் அந்தச் சில மணி நேரமே. அவ்வரைவில் பொதுவாகப் பெயரும் துறைமுகமும் எடையும் சரிபார்க்கப்படுகின்றன. சரக்கு விவரிப்புப் பகுதியில் அட்டைப்பெட்டிகளின் எண்ணிக்கை இடம்பெற்றிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு ஒப்புதல் அளித்தால், நமது எடுத்துக்காட்டில் கண்ட 52.8 லட்சம் ரூபாய் இடைவெளி எழவே எழாது.